ஏ.ஆரில் 'வெட்டுக்காயம்' என்று எழுதிவிட்டேன், காயச் சான்றிதழில் என்ன எழுதுவது?

இரவு டூட்டி | 14.06.2025, இரவு 11.20

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. கேஷுவாலிட்டியில் தனியாக டூட்டி பார்க்க ஆரம்பித்து நாலு மாதம் ஆகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி 12.40க்கு 34 வயது ஆள் ஒருவரை அவருடைய மச்சான் பைக்கில் வைத்துக் கூட்டி வந்தார். மாந்தோப்பு வேலித் தகராறு. "அரிவாள்ல வெட்டிட்டானுங்க டாக்டர்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். தலையில் இடது பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு காயம், ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. நான் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "தெரிந்த நபர்கள் இருவர் அரிவாளால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது. இடது பக்கத் தலையில் வெட்டுக்காயம், 5க்கு 1 செ.மீ." அப்புறம் தையலுக்கு அனுப்பிவிட்டேன். வாசலில் இன்னும் இரண்டு ஆக்சிடென்ட் கேஸ் காத்திருந்தது.

மறுநாள் காலையில் டிரஸ்ஸிங் பிரித்துப் பார்த்த சர்ஜன், "இது வெட்டு மாதிரியே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போது காயச் சான்றிதழ் கேட்டு ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஏ.ஆரைத் திருத்தலாமா? சான்றிதழில் மட்டும் மாற்றி எழுதலாமா? இல்லை, எழுதினதையே திரும்ப எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதானா?

குமாஸ்தா | 15.06.2025, காலை 7.05

மேடம், கிழிந்த காயம் என்று எழுதினால் அரிவாள் போச்சு. அரிவாள் போனால் ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 118 போச்சு, வெறும் காயத்துக்கான 115(2)தான் நிற்கும். எதிர்த்தரப்புக்கு லட்டு. எத்தனை தையல்? ஏழுக்கு மேல் என்றால் கொடுங்காயம் என்று எழுதிவிடுவார்கள், அப்போது கதையே வேறு.

ஓய்வு ஏட்டு, அரூர் | 15.06.2025, காலை 8.40

தையல் எண்ணிக் கொடுங்காயம் சொல்கிற சட்டம் எந்த ஊரில் இருக்கிறது? முப்பது வருஷம் ஸ்டேஷனில் இருந்தேன், நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மா, ஏ.ஆரில் கை வைக்காதீங்க. கார்பன் காப்பி அன்றைக்கே ஸ்டேஷனுக்கு வந்திருக்கும். புத்தகத்தில் ஒன்று, கேஸ் கட்டில் ஒன்று என்று இருந்தால் கூண்டில் நிற்கப் போவது நீங்கள்தான்.

பழைய சர்ஜன் | 15.06.2025, பிற்பகல் 2.15

ஏட்டு சொன்னது சரி. ஏ.ஆர். அந்த நேரத்தில் எழுதியது, அப்படியே இருக்கட்டும். அடிப்பது, மேலே எழுதுவது, மை போட்டு அழிப்பது எதுவும் கூடாது.

இனி விஷயம். நீங்கள் காயத்தைப் பார்த்து எழுதவில்லை, காதால் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். அரிவாள் என்று காதில் விழுந்தது, கை வெட்டுக்காயம் என்று எழுதியது. இது உங்கள் ஒருத்தர் தப்பில்லை. தருமபுரிப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் ஏ.ஆர். புத்தகத்தைப் புரட்டினால், ஹிஸ்டரியில் கத்தி இருந்தால் கீழே வெட்டுக்காயம், ஹிஸ்டரியில் கட்டை இருந்தால் கீழே கிழிகாயம். பக்கம் பக்கமாக ஒரு இடத்தில்கூடப் பிசகாது. காயங்களுக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாது.

தலை ஒரு தனி இடம். தோலுக்கு அடியில் சதை அதிகம் இல்லை, உடனே எலும்பு. கட்டையால் ஓங்கி அடித்தால் தோல் இரண்டுக்கும் நடுவில் நசுங்கி நேராகப் பிளந்துகொள்ளும். புருவம், கன்ன எலும்பு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு எல்லாம் இதே கதைதான். தூரத்திலிருந்து பார்த்தால் பிளேடால் கீறியது மாதிரி இருக்கும். கிட்டத்தில் வேறு.

அன்றைக்கு நீங்கள் செய்திருக்க வேண்டியது இரண்டு நிமிட வேலை. காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் விளிம்பைப் பார்ப்பது. லென்ஸ் இருந்தால் நல்லது. விளிம்பில் மெல்லிசாகச் சிராய்ப்போ கன்றலோ இருக்கிறதா? இரண்டு விளிம்பையும் மெதுவாக விலக்கினால் உள்ளே குறுக்கே நூல் மாதிரி இழைகள் ஓடுகிறதா? அது அறுபடாமல் தப்பித்த நரம்பும் ரத்தக்குழாயும் நாரும். கூர்மையான ஆயுதம் அதை விட்டுவைக்காது, போகிற வழியில் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும். கடைசியாக முடி. வெட்டு என்றால் முடியும் ஒரே மட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கும். அடி என்றால் முடி நசுங்கி, சில வேர் காயத்துக்குள்ளேயே அமுங்கிக் கிடக்கும்.

இதில் எது எழுதியிருக்கிறீர்கள்? எதுவும் இல்லை. அப்படியென்றால் 'வெட்டு' என்ற ஒரு சொல்லைத் தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இல்லை.

தொப்பூர் பைக் | 15.06.2025, மாலை 6.30

எனக்கும் ஏ.ஆர். பிரச்சினைதான் சார். போன வருஷம் தொப்பூர் இறக்கத்தில் லாரிக்காரன் உரசிவிட்டுப் போய்விட்டான், காலெலும்பு முறிவு. ஏ.ஆரில் 'பைக்கிலிருந்து தானாக விழுந்தது' என்று போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். நான் அப்போது மயக்கத்தில் இருந்தேன். யார் சொன்னதை எழுதினார்கள்? 'சொல்லப்படுகிறது' என்று வேறு போட்டிருக்கிறார்கள். நான் என்ன பொய்யா சொன்னேன்?

பழைய சர்ஜன் | 15.06.2025, இரவு 9.10

தொப்பூர்த் தம்பி, 'சொல்லப்படுகிறது' என்றால் பொய் என்று அர்த்தமில்லை. டாக்டர் சம்பவ இடத்தில் இல்லை, அவ்வளவுதான் அதன் பொருள். உங்கள் கேஸில் கேட்க வேண்டியது 'சொன்னது யார்' என்பதை. ஆள் மயக்கத்தில் இருந்தார் என்றும், விவரம் தந்தவர் கூட்டி வந்த இன்னார் என்றும் எழுதியிருந்தால் அந்த வரியின் எடை பாதியாகக் குறைந்திருக்கும். 108 வண்டியில் வந்தீர்களா, வழியில் போனவர் யாராவது ஏற்றி வந்தாரா? ஏ.ஆரில் 'உடன் வந்தவர்' என்று ஒரு இடம் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

தொப்பூர் பைக் | 15.06.2025, இரவு 9.25

பார்த்தேன் சார். காலியாக இருக்கிறது.

டிரஸ்ஸிங் ரூம் | 16.06.2025, காலை 5.50

நைட் முடியப் போகிறது, அதனால் சுருக்கமாக. நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் பக்கம் பாதிப் பேர் கன்னடம், தெலுங்கு. ஒரு தடவை ஒரு பெரியவர் 'கட்டிகெ' 'கட்டிகெ' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புதுசாக வந்த டாக்டர் 'கத்தி' என்று எழுதப் போனார். கட்டிகெ என்றால் விறகுக்கட்டை சார் என்று நான் சொன்னேன். கேட்காமல் விட்டிருந்தால் விறகு கத்தி ஆகியிருக்கும். காயத்தைப் பார்த்து எழுது என்று பெரிய டாக்டர் சொல்வது எங்களுக்கு ரொம்பப் பொருந்தும்.

இரவு டூட்டி மேடம், தையல் போட்டது நீங்களா, வேறு யாராவதா? மைனர் ஓ.டி. ரிஜிஸ்டரைப் பார்த்தீர்களா? அங்கே போடுகிறவர்கள் சில நேரம் ஏ.ஆரில் இல்லாததை எழுதிவைப்பார்கள்.

குமாஸ்தா | 16.06.2025, காலை 10.20

சரி, தையல் கணக்கு நான் சொன்னது தப்பு. எங்கள் சீனியரும் சிரித்தார். ஆனால் 20 நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கொடுங்காயம். அது சட்டத்திலேயே இருக்கிறது.

ஓய்வு ஏட்டு, அரூர் | 16.06.2025, காலை 11.00

அது பழைய ஐ.பி.சி. 320. 2024 ஜூலை 1க்கு அப்புறம் நடந்த சம்பவத்துக்குப் புதுச் சட்டமான பி.என்.எஸ். 116 பார்க்கணும். 15 நாள் ஆக்கிவிட்டார்கள்.

பழைய சர்ஜன் | 16.06.2025, பகல் 12.45

15 நாள் சரி. 'படுத்தால்' என்பது சரியில்லை. படுக்கையில் இருந்த நாளைச் சட்டம் எண்ணவில்லை. உயிருக்கு ஆபத்து விளைவித்த காயம், அல்லது 15 நாள் கடுமையான உடல் வலி, அல்லது அத்தனை நாள் அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போவது. இதுதான் கேள்வி. கேஸ் வலுவாகட்டும் என்று வார்டில் கேரம் விளையாடிக்கொண்டு 16 நாள் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் தேதியைப் பார்த்துக் கொடுங்காயம் எழுதினால் குறுக்கு விசாரணையில் வார்டு நர்ஸின் குறிப்பை எடுத்து நீட்டுவார்கள்: 'சாப்பிட்டார், நடந்தார், புகார் இல்லை.'

தலைக்காயத்தில் பெரும்பாலும் முடிவு செய்வது எலும்புதான். மண்டையோட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது எலும்பு முறிவு, அப்போது கொடுங்காயம். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை காயத்தின் தன்மை பற்றிய கருத்தை நிறுத்திவைத்திருப்பதாக எழுத வேண்டும். அந்த நேரத்து அவசரத்தில் 'சாதாரண காயம்' என்று எழுதிவிட்டு, ரெண்டு நாள் கழித்து விரிசல் என்று ரிப்போர்ட் வந்தால் பிறகு சமாளிக்க வழியில்லை.

டாக்டர், ஸ்கேன் எடுத்தீர்களா?

இரவு டூட்டி | 17.06.2025, இரவு 10.30

நர்ஸம்மாவுக்கு ஒரு டீ கடன். இன்று டூட்டிக்குச் சீக்கிரம் போய் மைனர் ஓ.டி. ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அன்றைக்குத் தையல் போட்டது பயிற்சி டாக்டர் தம்பி ஒருவர். எழுதியிருப்பதைத் தமிழில் தருகிறேன்: "இடது பக்கத் தலைக் காயம், 5க்கு 0.5 செ.மீ., எலும்பு தெரிகிறது, விளிம்பு ஒழுங்கற்று நசுங்கியிருந்தது, விளிம்பைச் சீர்செய்து 6 தையல்." கீழே கையெழுத்து, நேரம் 1.25.

அகலம் நான் 1 என்று போட்டது ரத்தத்தோடு கண்ணால் மதிப்பிட்டது. அவர் 0.5 என்று எழுதியிருக்கிறார். ஸ்கேல் வைத்தாராம், போனில் கேட்டேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எடுத்த சி.டி. ரிப்போர்ட்டில் முறிவு இல்லை. உள்ளே ரத்தக் கசிவும் இல்லை. ஆள் நாலாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஒரு வெட்கக்கேடு. இடது முன்கையில் ஒரு கன்றல் இருந்திருக்கிறது. வார்டு கேஸ் ஷீட்டில் இருக்கிறது, என் ஏ.ஆரில் இல்லை. ரத்தம் வருகிற இடத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பழைய சர்ஜன் | 18.06.2025, காலை 6.40

அந்தக் கன்றல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்தப் பக்கம்? முன்கையின் வெளிப்புறமா? எந்த வடிவம்? நடுவில் வெளுத்து இரண்டு ஓரமும் தண்டவாளம் மாதிரி இணையாகச் சிவந்திருந்தால் அது உருண்டையான கம்போ குழாயோ பட்ட தடம். தலையைக் காக்கக் கையைத் தூக்கியிருப்பார்.

விளிம்பைச் சீர்செய்த தம்பியைத் திட்டாதீர்கள். தையல் நன்றாகப் பிடிக்க அதுதான் முறை. ஆனால் வெட்டி எடுத்த அந்த இரண்டு மில்லிமீட்டரோடு சாட்சியும் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. இப்போது தழும்பைப் போய்ப் பார்த்துப் பயனில்லை, அது நேர்கோடாகத்தான் இருக்கும். நல்லவேளை, வெட்டுவதற்கு முன் பார்த்ததை ஒரு வரி எழுதினார்.

என் பழைய கதை ஒன்று. ஒருவர் புருவத்துக்கு மேல் காயத்தோடு வந்தார், கத்திக்குத்து என்று சொன்னார். நான் 'சுத்தமான வெட்டு' என்று எழுதினேன். இரண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் வக்கீல் பணிவாகத்தான் கேட்டார்: "டாக்டர், துவைக்கிற கல்லின் ஓரத்தில் விழுந்தால் இப்படி ஒரு காயம் வருமா?" வரும். "விளிம்பு எப்படி இருந்தது என்று குறிப்பு இருக்கிறதா?" இல்லை. "அப்போது நினைவிலிருந்து சொல்கிறீர்களா?" அந்த ஆளின் முகமே எனக்கு நினைவில்லை. வெயில் காலம், கோட் போட்டிருந்தேன். வேர்த்தது வெயிலால் இல்லை.

இரவு டூட்டி | 18.06.2025, மாலை 4.50

கன்றல்: "இடது முன்கை வெளிப்புறம், 7க்கு 2 செ.மீ., சிவப்பு." வடிவம் எழுதவில்லை. தண்டவாளமா என்று இனி யாருக்கும் தெரியாது.

சான்றிதழ் வரைவு போட்டுவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள். மேலே ஏ.ஆர். எண், தேதி, பரிசோதித்த நேரம், கூட்டி வந்த மச்சான், இரண்டு அங்க அடையாளம், நினைவோடு இருந்தார் என்பது. அதற்குக் கீழே:

"இவர் சொன்ன விவரம்: தெரிந்த நபர்கள் இருவர் அரிவாளால் தாக்கியதாக.

காயம் 1: தலையின் இடது பக்கம் கிழிகாயம், 5க்கு 0.5 செ.மீ., எலும்பு வரை ஆழம்.

காயம் 2: இடது முன்கை வெளிப்புறம் கன்றல், 7க்கு 2 செ.மீ., சிவப்பு நிறம்.

சி.டி.: எலும்பு முறிவு இல்லை.

கருத்து: இரண்டும் சாதாரண காயங்கள். மொட்டையான ஆயுதத்தால் ஏற்பட்டவை."

பழைய சர்ஜன் | 18.06.2025, இரவு 8.20

மூன்று இடத்தில் இடிக்கிறது.

காயம் 1 எங்கே? 'இடது பக்கம்' என்றால் காதுக்கு மேலா, பின்னந்தலையா? நடுக்கோட்டிலிருந்து எத்தனை செ.மீ., காதின் மேல் நுனியிலிருந்து எத்தனை செ.மீ. என்று இருக்க வேண்டும். எங்கேயும் குறிப்பு இல்லையென்றால் இப்போது கற்பனை செய்யாதீர்கள். தழும்பை வைத்து இடத்தை அளக்கலாம், அது நகராது. ஆனால் அளந்த தேதியைப் போட்டு, தழும்பை அளந்தது என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, 'கிழிகாயம்' என்பது உங்கள் கண் பார்த்ததல்ல. ஏ.ஆரில் இன்ன சொல், மைனர் ஓ.டி. ரிஜிஸ்டரில் விளிம்பு பற்றி இன்ன குறிப்பு என்று இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு, அதன் அடிப்படையில் கிழிகாயம் என்று கருதுவதாகக் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். பார்த்தது மேலே, நினைப்பது கீழே. இரண்டும் ஒரே வரியில் கலந்ததால்தான் இந்தப் பாடு.

மூன்றாவது, 'மொட்டையான ஆயுதத்தால் ஏற்பட்டவை' என்று அடித்துச் சொல்லாதீர்கள். அரிவாளுக்கு முதுகும் உண்டு, பிடியும் உண்டு. திருப்பி அடித்தால் இதே காயம் வரும். மழுங்கிய கனமான அரிவாள் வாய்ப்பக்கம் பட்டால்கூட விளிம்பு கொஞ்சம் நசுங்கும். 'மொட்டையான பரப்பு பட்டு ஏற்பட்டிருக்கக்கூடும்' என்பதோடு நிறுத்துங்கள். ஆயுதத்தைக் கைப்பற்றினால் சீல் வைத்து அனுப்பி, இதனால் ஏற்படுமா என்று கேட்பார்கள். அப்போது பதில் சொல்லலாம்.

ஓய்வு ஏட்டு, அரூர் | 18.06.2025, இரவு 9.00

குமாஸ்தா தம்பிக்கும் இது பதில். கிழிகாயம் என்றதும் 118(1) பறந்துபோகாது. வெட்ட, குத்த உள்ள கருவி மட்டுமில்லை, உயிர் போகக்கூடிய விதமாக ஆயுதமாகப் பயன்படுத்தின எதுவும் அதில் வரும். எந்தப் பிரிவு என்பது டாக்டர் பாடு இல்லை.

குமாஸ்தா | 19.06.2025, காலை 9.45

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய டாக்டர் சொல்கிற இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏ.ஆரில் வெட்டு, சான்றிதழில் கிழிசல், இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை மட்டும் வைத்தே அரை மணி நேரம் ஓட்டுவார். எங்கள் சீனியர் சொல்வது: சான்றிதழில் ஏ.ஆரில் உள்ளதையே எழுது, கோர்ட்டில் கேட்டால் ஓ.டி. ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து விளக்கு.

பழைய சர்ஜன் | 19.06.2025, பகல் 1.30

உங்கள் சீனியர் எந்தத் தரப்புக்கு அதிகம் ஆஜராவார்?

கேலி இருக்கட்டும். அப்படிச் செய்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகு அதே சொல்லைக் கையெழுத்துப் போட்டு இரண்டாம் தடவை கொடுக்க எனக்குக் கை வராது.

டிரஸ்ஸிங் ரூம் | 19.06.2025, பிற்பகல் 3.15

அந்த ஆளோட சட்டை என்ன ஆச்சு மேடம்? ரத்தம் தோய்ந்த சட்டையை நாங்கள் காயவைத்துக் கவரில் போட்டு சீல் வைத்து ஸ்டேஷனுக்குக் கொடுத்து ரசீது வாங்கிவிடுவோம்.

இரவு டூட்டி | 19.06.2025, இரவு 11.40

சட்டையை மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துவிட்டாராம். நல்ல சட்டை என்று சொன்னார்.

ஆளை இன்று வரவைத்துத் தழும்பை அளந்தேன். நடுக்கோட்டிலிருந்து இடது பக்கம் 4 செ.மீ., காதின் மேல் நுனியிலிருந்து 7 செ.மீ. மேலே, முன்பின்னாகப் படுத்திருக்கிறது. தழும்பை அளந்தது என்று தேதியோடு எழுதினேன். ஏ.ஆர். சொல், ஓ.டி. குறிப்பு இரண்டும் அப்படியே. காயம் 2 கேஸ் ஷீட்படி என்று போட்டேன். கருத்தில் 'சாதாரண காயங்கள்', அதற்கு ஆதாரம் சி.டி. என்று ரிப்போர்ட் தேதியோடு. ஆயுதம் பற்றிப் 'பட்டிருக்கக்கூடும்' என்பதோடு நிறுத்தினேன்.

அளக்கும்போது அவரிடம் சும்மா கேட்டேன், அரிவாள் வாய்ப்பக்கம் பட்டதா, முதுகுப்பக்கமா என்று. "இருட்டுங்க டாக்டர். கையில அரிவாள் இருந்துச்சு, அது பார்த்தேன். பட்டது எதுன்னு யாருக்குத் தெரியும்" என்றார். இதை எழுதவில்லை. கேட்டிருக்கவே கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஓய்வு ஏட்டு, அரூர் | 20.06.2025, காலை 7.30

கேட்டதில் தப்பில்லை. அதை விசாரிக்க வேண்டியது ஐ.ஓ. வேலை. சான்றிதழ் வாங்க வந்த பி.சி.யிடம் தேதி, நேரம், நம்பர் போட்டுக் கையெழுத்து வாங்கினீங்களா?

இரவு டூட்டி | 20.06.2025, காலை 7.50

இல்லை. அவர் இப்போதுதான் கேட்டைத் தாண்டினார். ஆள் அனுப்பியிருக்கிறேன்.